விற்ற வவுச்சர் எப்போது விற்பனையாகிறது?

ஒரு ஜவுளிக்கடை தீபாவளிக்கு 1,000 ரூபாய் வவுச்சர் ஒன்றை விற்றுவிட்டது. பணம் கல்லாவுக்கு வந்தாகிவிட்டது, மறுநாள் வங்கியிலும் ஏறிவிட்டது. அன்றைய விற்பனைக் கணக்கில் இந்த 1,000 ரூபாயைச் சேர்க்கலாமா? கூடாது. துணி இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. வவுச்சரைக் கையில் வைத்திருப்பவர் எந்த நாளில் வந்து நீட்டினாலும் 1,000 ரூபாய்க்குச் சரக்கு கொடுத்தாக வேண்டும். ஆகவே பணம் வந்த நாளில் கடைக்குக் கிடைத்தது வருமானம் இல்லை, ஒரு கடமை. புத்தகத்தில் ரொக்கத்தைப் பற்று வைத்து, ‘வவுச்சர் பொறுப்பு’ என்று ஒரு லெட்ஜரில் வரவு வைக்க வேண்டும்.

இதுவரை யாருக்கும் குழப்பம் வராது. வவுச்சர் வந்தால் பொறுப்பைக் கழித்து விற்பனையில் சேர்க்க வேண்டும் என்பதும் புரிந்துவிடும். சிக்கல் எங்கே என்றால், வராத வவுச்சரில். பீரோவுக்குள் மறந்துபோனது, பர்ஸோடு தொலைந்தது, பரிசாக வாங்கியவர் வெளிநாடு போய்விட்டதால் கிடப்பில் கிடப்பது என்று ஒரு பங்கு எப்போதும் திரும்பி வராது. அந்தப் பணம் கடைக்குத்தான், ஆனால் எப்போது அதை வருமானமாக எழுதுவது? காலாவதி தேதி அன்றைக்கு என்றுதான் பெரும்பாலானவர்கள் நினைக்கிறார்கள். இந்தியாவில் 2018 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் இண்ட் ஏ.எஸ். 115 என்ற கணக்கியல் தரநிலை அப்படிச் சொல்லவில்லை. அது சொல்வது கொஞ்சம் விசித்திரமாகத் தோன்றும், ஆனால் யோசித்தால் நியாயம் புரியும். வராமல் போகும் என்று எதிர்பார்க்கும் தொகையை, வருகிற வவுச்சர்களின் வேகத்துக்கு ஏற்பக் கொஞ்சம் கொஞ்சமாக வருமானத்தில் சேர்க்க வேண்டும். வராமல் போகிற இந்தத் தொகையைக் கணக்காளர்கள் பிரேக்கேஜ் என்பார்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஜி.எஸ்.டி.யை இப்போதைக்கு மறந்துவிடுங்கள், பின்னால் வருகிறேன்.

கடை அக்டோபரில் 1,000 வவுச்சர்களை, தலா 1,000 ரூபாய்க்கு விற்றது. வந்தது 10 லட்சம் ரூபாய், எல்லாம் பொறுப்பு. ஓராண்டுக்குள் பயன்படுத்த வேண்டும். முந்தைய சில தீபாவளிகளின் பதிவைப் பார்த்தால் மதிப்பில் 8 சதவீதம் திரும்பி வருவதில்லை. அப்படியானால் வரும் என்று எதிர்பார்ப்பது 9,20,000, வராது என்று எதிர்பார்ப்பது 80,000. மார்ச் 31 அன்று ஆண்டுக் கணக்கை மூடும்போது 6,90,000 ரூபாய் வவுச்சர்கள் வந்து துணியாகப் போய்விட்டன. 9,20,000-இல் 6,90,000 என்றால் நான்கில் மூன்று பங்கு. எனவே 80,000-இலும் நான்கில் மூன்று பங்கு, அதாவது 60,000 ரூபாயை, இந்த ஆண்டே வருமானமாக எடுத்துக்கொள்கிறோம். ஆக மொத்தம் 7,50,000 வருமானம், மீதி 2,50,000 பொறுப்பாக அடுத்த ஆண்டுக்குப் போகிறது.

ஏன் இந்தச் சுற்றுவழி? கடையின் பார்வையில் 10 லட்சம் ரூபாயும் சேர்ந்து 9,20,000 ரூபாய் மதிப்புள்ள சரக்குக்கான விலை. சரக்கில் முக்கால்வாசி கொடுத்தாகிவிட்டது என்றால் விலையிலும் முக்கால்வாசியைச் சம்பாதித்தாகிவிட்டது. காலாவதி தேதி வரை காத்திருந்தால், யாரும் எதுவும் வாங்காத ஏதோ ஒரு நாளில் திடீரென்று பெரிய லாபம் குதிக்கும். அந்த நாளில் கடை எதையும் செய்யவில்லையே.

அடுத்த ஆண்டு காலாவதி தேதிக்குள் இன்னும் 2,00,000 ரூபாய்க்கு வவுச்சர் வந்தது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் வந்தது 8,90,000, வராதது 1,10,000. கையிருப்புப் பொறுப்பான 2,50,000-இல் 2,00,000 விற்பனையாகவும் 50,000 பிரேக்கேஜாகவும் விடுபடும். முன்பே எடுத்த 60,000-ஐயும் சேர்த்தால் சரியாக 1,10,000. கணக்கு மூடிக்கொண்டது.

இதே கணக்கு எதிர்ப்பக்கம் போனால்தான் வலிக்கும். அடுத்த ஆண்டு 2,60,000 ரூபாய்க்கு வவுச்சர் வந்துவிட்டது என்று வையுங்கள். பொறுப்பில் இருப்பதோ 2,50,000. 2,60,000 ரூபாய் துணியைக் கொடுத்துவிட்டு 2,50,000 ரூபாய்தான் விற்பனையாக எழுத முடியும், ஏனென்றால் மிச்சம் 10,000-ஐப் போன ஆண்டே லாபமாகக் காட்டிவிட்டோம். அதனால்தான் தரநிலை ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறது. எடுத்த வருமானத்தைப் பின்னால் பெரிய அளவில் திருப்ப வேண்டியிருக்காது என்று வலுவாக நம்ப முடிந்தால்தான் முன்கூட்டியே எடுக்கலாம். முதல் ஆண்டு வவுச்சர் விற்கிற கடைக்குப் பழைய பதிவே கிடையாது. அது 8 சதவீதம், 10 சதவீதம் என்று மனக்கணக்குப் போடக் கூடாது. வாடிக்கையாளர் இனி வந்து கேட்கும் வாய்ப்பு அறவே குறைந்த பிறகுதான் வராத தொகையைத் தொட வேண்டும், அது பெரும்பாலும் காலாவதிக்குப் பக்கத்தில்தான் இருக்கும்.

காலாவதி என்றதும் ஒரு விஷயம். வவுச்சரின் பின்பக்கம் என்ன அச்சடித்திருக்கிறது என்பது மட்டும் போதாது, கல்லாவில் என்ன நடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். தேதி முடிந்து 20 நாள் கழித்து வருகிற பழைய வாடிக்கையாளரிடம் மேனேஜர் “பரவாயில்லம்மா, குடுங்க” என்று வாங்கிக்கொள்வது பல கடைகளில் சர்வ சாதாரணம். நல்ல வியாபாரம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அதுவே வழக்கம் என்றால் அச்சடித்த தேதியில் கடமை முடிந்துவிட்டதாகக் கணக்கு எழுத முடியாது. எத்தனை நாள் வரை வாங்குகிறார்கள் என்று பில் பதிவில் பார்த்து, அதுவரை பொறுப்பை வைத்திருக்க வேண்டும்.

இன்னொரு சின்ன விஷயம், மீதிச் சில்லறை. 1,000 ரூபாய் வவுச்சருக்கு 870 ரூபாய்க்குத் துணி எடுத்தால் மீதி 130 திருப்பித் தரப்படாது என்பது பல கடைகளின் நிபந்தனை. அப்படியானால் பில் போட்ட நொடியே அந்த 130-க்கான கடமை தீர்ந்தது. பிரேக்கேஜ் சதவீதத்தை மதிப்பிடும்போது இந்த மீதியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும், தனியாக இன்னொரு தரம் எடுத்துவிடக் கூடாது.

கம்பெனிகளுக்கு மொத்தமாக விற்கும்போது 1,000 ரூபாய் வவுச்சரை 950-க்குக் கொடுப்பார்கள். பொறுப்பு 950 தான், அச்சடித்த 1,000 இல்லை. துணி திருப்பிக் கொடுத்தவருக்குப் பணத்துக்குப் பதில் கொடுக்கிற கிரெடிட் நோட்டும் இதே குடும்பம்தான்: வாடிக்கையாளரின் பணம் கடையிடம் இருக்கிறது, அவ்வளவே. ஆனால் “2,000-க்கு மேல் வாங்கினால் 10 சதவீதம் தள்ளுபடி” என்று பேப்பரோடு வைத்து ஊருக்கெல்லாம் கொடுக்கிற கூப்பனுக்குப் பொறுப்பே கிடையாது. யாரும் அதற்குக் காசு கொடுக்கவில்லை. யாராவது பயன்படுத்தினால் அன்றைய விற்பனை விலை குறையும்.

சரி, பாயிண்டுக்கு வருவோம்

பாயிண்ட் இலவசமாகக் கொடுப்பது போலத்தான் தெரிகிறது. பில்லின் அடியில் “நீங்கள் பெற்ற பாயிண்ட் 36” என்று வருகிறது, அதற்குத் தனியாகக் காசு வாங்கவில்லை. அதனால் பல கடைகள் இதை விளம்பரச் செலவு மாதிரி நினைத்து, கொடுக்க வேண்டிய சரக்கின் அடக்க விலைக்கு ஒரு ஒதுக்கீடு போட்டு நிறுத்திக்கொள்கின்றன. இண்ட் ஏ.எஸ். 115 வேறு மாதிரிப் பார்க்கிறது. வாங்கியவருக்கு மட்டும் கிடைக்கிற, வாங்காதவருக்குக் கிடைக்காத ஒரு சலுகை அது. அப்படியென்றால் அவர் கொடுத்த விலையில் ஒரு துண்டு இன்றைய சட்டைக்கு, இன்னொரு துண்டு நாளைய சலுகைக்கு. விலையைப் பிரித்து, நாளைக்கான துண்டைப் பொறுப்பாக நிறுத்தி வைக்க வேண்டும்.

பிரிப்பது இப்படி. அதே கடை 100 ரூபாய்க்கு 2 பாயிண்ட் தருகிறது, ஒரு பாயிண்ட் 1 ரூபாய்க்குச் சமம். பாயிண்ட் திட்டத்தின் கீழ் ஆண்டில் 50 லட்சத்துக்கு விற்பனை, கொடுத்தது 1,00,000 பாயிண்ட். எல்லாரும் பயன்படுத்த மாட்டார்கள், 60 சதவீதம்தான் வரும் என்று பழைய பதிவு சொல்கிறது. எனவே பாயிண்டுகளின் மதிப்பு 60,000 ரூபாய். துணிகளின் மதிப்பு 50,00,000. இரண்டும் சேர்ந்து 50,60,000, ஆனால் வாங்கிய பணம் 50,00,000 மட்டும். ஆகவே அதை இரண்டுக்கும் விகிதப்படி பங்கு போட வேண்டும். 50,00,000-ஐ 60,000-ஆல் பெருக்கி 50,60,000-ஆல் வகுத்தால் 59,289 வரும். இதுதான் பாயிண்டுக்கான பொறுப்பு. துணி விற்பனையாக எழுதுவது 49,40,711.

வவுச்சரோடு ஒரு வித்தியாசத்தை இங்கே கவனிக்க வேண்டும், நிறையப் பேர் வழுக்குகிற இடம் இது. வவுச்சரில் முழு 10 லட்சத்தையும் பொறுப்பாக வைத்துவிட்டுப் பிறகு பிரேக்கேஜைக் கழித்தோம். பாயிண்டில் வராமல் போகும் 40 சதவீதத்தை மதிப்புப் போடும்போதே கழித்தாகிவிட்டது. அந்த 40 சதவீதத்துக்கு உரிய பணம் துணி விற்பனையோடு அன்றே வருமானமாகிவிட்டது. எனவே பாயிண்டுகள் காலாவதியாகும்போது “இத்தனை ஆயிரம் பாயிண்ட் லாப்ஸ் ஆச்சு, லாபத்துக்கு எடு” என்று எழுதினால் ஒரே பணத்தை இரண்டு தரம் லாபமாகக் காட்டியதாகிவிடும்.

விடுவிப்பதற்கும் அதே தர்க்கம்தான். மார்ச் 31 வரை 30,000 பாயிண்ட் பயன்பட்டது. வகுக்க வேண்டியது கொடுத்த 1,00,000-ஆல் இல்லை, வரும் என்று எதிர்பார்க்கிற 60,000-ஆல். பாதி வந்துவிட்டது, ஆகவே 59,289-இல் பாதி, 29,644 ரூபாய் வருமானம். தனி பில்லில் இது எப்படித் தெரியும் என்றால், எதிர்பார்க்கிற ஒவ்வொரு பாயிண்டுக்கும் பொறுப்பில் சுமார் 98.8 காசு இருக்கிறது. ஒரு அம்மா 800 ரூபாய்க்குச் சுடிதார் எடுத்து, 200 பாயிண்டைக் கழித்து 600 ரூபாய் கொடுத்தால், விற்பனை 600 இல்லை. 600-ம், பொறுப்பிலிருந்து விடுபடும் 197 ரூபாய் 60 காசும் சேர்ந்ததுதான் அந்தச் சுடிதாரின் விற்பனை.

அடுத்த ஆண்டு கடை ஒரு மொபைல் ஆப் விட்டது, பாயிண்ட் இருப்பு எல்லாருக்கும் கண்ணில் பட்டது, அதிகம் பேர் பயன்படுத்த ஆரம்பித்தார்கள். 60 சதவீதம் என்ற மதிப்பீடு 65 ஆகிறது. இப்போது என்ன செய்வது? 59,289-ஐத் திருத்தக் கூடாது, அது விற்ற நாளின் பங்கீடு, முடிந்த கதை. மாறுவது வகுக்கும் எண் மட்டும், 60,000-க்குப் பதில் 65,000. இரண்டு ஆண்டுகளிலும் சேர்த்து 52,000 பாயிண்ட் பயன்பட்டிருந்தால், 59,289-ஐ 52,000-ஆல் பெருக்கி 65,000-ஆல் வகுக்க வேண்டும், 47,431 வரும். போன ஆண்டு எடுத்த 29,644-ஐக் கழித்தால் இந்த ஆண்டு வருமானம் 17,787. மீதி 11,858 ரூபாய், இன்னும் வர வேண்டிய 13,000 பாயிண்டுக்காகக் காத்திருக்கும். கவனித்தீர்களா, ஒரு பாயிண்டுக்கான தொகை 98.8 காசிலிருந்து 91 காசு அளவுக்கு இறங்கிவிட்டது. மதிப்பீடு கூடினால் விடுவிப்பு மெதுவாகும். லாபத்தைச் சீக்கிரம் காட்ட விரும்புகிறவர் 60-ஐ 50 ஆக்கினால் போதும், அதனால்தான் ஆடிட்டர் முதலில் கேட்பது இந்தச் சதவீதம் எங்கிருந்து வந்தது என்பதைத்தான். மாதவாரியாகக் கொடுத்த பாயிண்டும், அந்தந்த மாதப் பாயிண்டிலிருந்து பின்னால் பயன்பட்டதும் ஒரு தாளில் இருந்தால் பதில் சுலபம்.

பிறந்தநாளுக்கு 100 பாயிண்ட், ஆப் இறக்கினால் 50 பாயிண்ட் என்று பொருள் எதுவும் வாங்காமலே கொடுப்பதும் உண்டு. இவற்றுக்குப் பின்னால் விற்பனை இல்லை, பிரிக்க விலையும் இல்லை. முன்னே சொன்ன பேப்பர் கூப்பன் மாதிரிதான். ஆனால் சாஃப்ட்வேரில் எல்லாப் பாயிண்டும் ஒரே பானையில் விழுந்தால் எது எது என்று பின்னால் பிரிக்கவே முடியாது. திட்டம் தொடங்கும்போதே தனிக் குறியீடு கொடுத்துவிடுவது நல்லது.

வரியும் சட்டமும் கொஞ்சம்

ஜி.எஸ்.டி.யை ஒதுக்கி வைத்தோம் அல்லவா? 5 சதவீத வரி உள்ள துணியை 1,050 ரூபாய்க்கு வவுச்சர் கொடுத்து எடுத்தால், விடுபடும் 1,050-இல் 1,000 விற்பனை, 50 அரசுக்கு. வராமலே போன வவுச்சரில் அந்தப் பிரிவு இல்லை. மத்திய மறைமுக வரி வாரியம் 2024 டிசம்பர் 31 தேதியிட்ட சுற்றறிக்கையில் இதைத் தெளிவாக்கியது: வவுச்சர் பரிவர்த்தனை சரக்கு விற்பனையும் இல்லை, சேவையும் இல்லை, பயன்படுத்தப்படாத வவுச்சர் தொகைக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. வவுச்சருக்கு எப்போது வரி என்று சட்டத்தில் இருந்த தனி விதிகளையும் 2025-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் நீக்கியது. ஆகவே அடிப்படை எளிது, வரி வவுச்சருக்கு இல்லை, அதைக் கொண்டு வாங்குகிற சரக்குக்கு.

கம்பெனியாகப் பதிவான கடைகளுக்கு வேறொரு விதி குறுக்கே வரும். 2014-ஆம் ஆண்டு டெபாசிட் விதிகளின்படி, சரக்குக்காக வாங்கிய முன்பணம் 365 நாளுக்குள் சரக்காகக் கழிந்தால்தான் அது டெபாசிட் என்ற வரையறைக்கு வெளியே நிற்கும். வவுச்சருக்கு இரண்டு மூன்று ஆண்டு ஆயுள் கொடுத்து வாடிக்கையாளரை மகிழ்விக்கலாம் என்று மார்க்கெட்டிங்காரர்கள் சொன்னால், முடிவெடுக்கும் முன் கம்பெனி செக்ரட்டரியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும்.

அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே 2009-இல் வந்த சட்டப்படி கிஃப்ட் கார்டுப் பணம் குறைந்தது 5 ஆண்டு காலாவதியாகக் கூடாது. அதோடு சில மாநிலங்களில், உரிமை கோராத கார்டுப் பணத்தைக் கடை வைத்துக்கொள்ள முடியாது, மாநில அரசிடம் ஒப்படைக்க வேண்டும். அப்படி ஒப்படைக்க வேண்டிய தொகைக்கு பிரேக்கேஜ் என்ற பேச்சே இல்லை, கொடுத்து முடிக்கும் வரை அது பொறுப்புதான். நம் இண்ட் ஏ.எஸ். 115-இலும் இதே வாசகம் இருக்கிறது. இவ்வளவு கெடுபிடி இருந்தும் ஸ்டார்பக்ஸ் ஆண்டுக்கு 20 கோடி டாலர் அளவில் பிரேக்கேஜ் வருமானம் காட்டுகிறது, காபி ஊற்றாமலே.

இண்ட் ஏ.எஸ். எல்லாக் கடைக்கும் கிடையாது. பொதுவாகப் பங்குச்சந்தையில் பட்டியலான கம்பெனிகளுக்கும், நிகர மதிப்பு 250 கோடி ரூபாயும் அதற்கு மேலும் உள்ள கம்பெனிகளுக்கும்தான். மற்றக் கம்பெனிகள் பழைய ஏ.எஸ். 9 வழியில் போகின்றன, அதில் இந்த விகிதக் கணக்கு இல்லை. வவுச்சரைப் பயன்படுத்தும் வரை அல்லது காலாவதி வரை பொறுப்பாக வைத்திருந்து, பாயிண்டுக்கு ஒதுக்கீடு போடுவதுதான் அங்கே பரவலான நடைமுறை. ஆனால் பணம் வந்த அன்றே விற்பனை என்று எழுத அங்கேயும் இடமில்லை.

கணக்கு தப்பாகப் போகிறதா என்று எப்படித் தெரியும்?

தரநிலையைத் தப்பாகப் படித்ததால் வரும் பிழையைவிடக் கல்லாவில் வரும் பிழைதான் அதிகம். பில் போடுகிற பையனுக்கு வவுச்சரை எங்கே தட்டுவது என்று சொல்லிக் கொடுக்கவில்லை என்றால் ‘தள்ளுபடி’ என்ற இடத்தில் 1,000 என்று தட்டிவிடுவான். வாடிக்கையாளருக்கு ஒன்றும் தெரியாது, பில் சரியாகத்தான் வரும், கல்லாவும் ஒத்துப்போகும். ஆனால் உள்ளே விற்பனை 1,000 ரூபாய் குறைந்துவிட்டது, ஜி.எஸ்.டி.யும் குறைவாகக் கட்டியிருப்போம், வவுச்சர் பொறுப்பு மட்டும் இறங்காமல் அப்படியே நிற்கும். வவுச்சர் என்பது பணம், கார்டு, யு.பி.ஐ. போல ஒரு செலுத்தும் வழி. அந்த வரிசையில்தான் அது இருக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறான தப்பும் உண்டு. வவுச்சரை விற்கும்போது அதையே ஒரு சரக்கு மாதிரி ஐட்டம் கோடு போட்டு பில் அடித்தால், அன்று ஒரு விற்பனை, துணி எடுக்கும்போது இன்னொரு விற்பனை, வரியும் இரண்டு தரம். இப்படிப்பட்ட கடையில் பொறுப்பு லெட்ஜரில் வரவே இருக்காது, வெறும் பற்றுகளாக விழுந்துகொண்டிருக்கும்.

இரண்டையும் கண்டுபிடிக்க ஒரே வழி, மாதக் கடைசியில் வரிசை எண் வாரியாக ஒரு பட்டியல்: விற்றது, வந்தது, காலாவதியானது, கையில் இல்லாமல் வெளியே நிற்பது. வெளியே நிற்கிற வவுச்சர்களின் மொத்தத்திலிருந்து, அவற்றுக்கு ஏற்கெனவே எடுத்த பிரேக்கேஜைக் கழித்தால் டேலியில் உள்ள பொறுப்பு இருப்பு வர வேண்டும். நம் உதாரணத்தில் மார்ச் 31 அன்று வெளியே நிற்பது 3,10,000, எடுத்த பிரேக்கேஜ் 60,000, மீதி 2,50,000. வரவில்லை என்றால் முதலில் அந்த மாதத் தள்ளுபடி அறிக்கையைத் திறந்து, அதில் 500, 1,000 என்று உருண்டையாக நிற்கும் தொகைகளைத் தேடிப் பாருங்கள்.